மூன்றாம் இடத்தில் 2% கிளிக் என்பது குறைவா?

"என் பக்கம் கூகுளில் சராசரியாக 3ஆம் இடத்தில் நிற்கிறது. சிடிஆர், அதாவது தெரிந்த தடவைகளில் கிளிக் விழுந்த வீதம், 2% தான். அந்த இடத்துக்கு 10% வர வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். தலைப்பை மாற்றவா?"

இப்போதைக்குத் தலைப்பில் கை வைக்காதீர்கள். இந்த ஒரு பேச்சைக் கேட்டு நாங்கள் பட்டிருக்கிறோம், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண்கள் சிலர் பின்னும் பனையோலைப் பொருட்களை விற்கும் சிறிய இணையத்தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். கடகம், குட்டான், சுளகு, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி. வாங்குபவர்களில் பெரும்பகுதி கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்கள். நீங்களும் என்னைப் போலத் தனியாகத்தான் ஒரு தளத்தைக் கவனிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் காசு கொடுத்து ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். அவர், தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சேர்ச் கொன்சோலைத் திறந்து "neethu petti" என்ற தேடலைக் காட்டினார். மூன்று மாதத்தில் எங்கள் தளம் தேடல் முடிவுகளில் 4,100 தடவை தெரிந்திருக்கிறது, கிளிக் 16, சராசரி இடம் 2.4. அதாவது 0.4%கூட இல்லை. "இரண்டாம் இடத்தில் இருந்துகொண்டு இதுவா?" என்று சொல்லிப் பக்கத்தின் தலைப்பை மாற்றினார். அதில் இருந்த 'புட்டு அவிக்கும்' என்ற சொற்கள் போயின. அந்தச் சொற்களால் தேடி வந்தவர்களும் போய்விட்டார்கள். 0.4% மட்டும் அசையவே இல்லை.

ஏன் அசையவில்லை என்பது கைபேசியையும் கணினியையும் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. கைபேசியில் 3,600 தடவை தெரிந்திருக்கிறது, இடம் 1.9, கிளிக் 6. கணினியில் 500 தடவை, இடம் 6, கிளிக் 10. இடம் கீழே இருக்கிற கணினியில் கிளிக் கூட! இப்படித் தலைகீழாக வந்தால், கைபேசியிலும் கணினியிலும் தெரிவது ஒரே வகை முடிவு இல்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

நான் கிளிநொச்சியில் இருந்து தேடிப் பார்த்துப் பயனில்லை. தேடுபவர் கனடாவில் இருக்கிறார், அவருக்கு வரும் பக்கம் வேறு. ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாளிடம் கேட்டேன். அவள் போனில் மறைநிலைப் பக்கம் திறந்து தேடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். மேலே ஒரு முடிவு, அதற்குக் கீழே ஒரு வரிசை படங்கள். அந்தப் படங்களில் ஒன்று எங்களுடையது. எங்கள் பக்கத்தின் வழமையான இணைப்பு எங்கேயோ கீழே ஒன்பதாவதாகக் கிடந்தது.

சேர்ச் கொன்சோல் 'இடம்' என்று எழுதுவது, அந்தத் தேடலில் உங்கள் தளத்துக்கு ஆக மேலே இருக்கும் இணைப்பின் இடத்தை. படவரிசை முழுவதற்கும் ஒரே இட எண். அந்த வரிசை இரண்டாவதாக நின்றால் அதற்குள் இருக்கும் எல்லோருக்கும் 2 என்றுதான் பதிவாகும். ஆனால் படத்தைத் தட்டுபவருக்குக் கூகுளுக்குள்ளேயே படம் பெரிதாகத் திறக்கிறது. கூகுளை விட்டு எங்கள் தளத்துக்கு வந்தால்தான் அது கிளிக். நீத்துப்பெட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க வந்த பிள்ளை பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த 3,600 தடவைக்கு 6 கிளிக் வந்தது தலைப்பின் குற்றம் இல்லை. படவரிசைக்குள் இருக்கும் ஒரு படத்துக்கு அது இயல்பான அளவு. அதை வழமையான இணைப்பின் 10 வீதத்தோடு வைத்து அளந்ததுதான் பிழை.

இடத்துக்கு இத்தனை வீதம் என்று சுற்றி வரும் அட்டவணைகளை நான் குறை சொல்ல வரவில்லை, அவற்றைச் செய்தவர்கள் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றில் நிறுவனத்தின் பெயரையே தட்டித் தேடியவர்கள், விளம்பரத்துக்குக் கீழே நின்றவர்கள், வரைபடத்துக்குக் கீழே நின்றவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். எங்கள் குழுவின் பெயரைத் தேடுபவர்களில் பாதிப் பேருக்கு மேல் கிளிக் செய்கிறார்கள். அதைச் சேர்த்துச் சராசரி போட்டால் மற்ற எல்லாப் பக்கமும் நோயாளி மாதிரித் தெரியும். பெயர்த் தேடல்களை முதலில் ஒதுக்குங்கள்.

சரி, அப்படியென்றால் எதோடு ஒப்பிடுவது? உங்கள் தளத்தின் மற்றப் பக்கங்களோடுதான். கணினியில் நின்ற அந்த 500ஐ எடுத்துக்கொண்டேன். அங்கே நாங்கள் வழமையான இணைப்பாகவே 6ஆம் இடத்தில் நின்றோம், 2%. எங்களுடைய வேறு தேடல்களில் கணினியில் 5 முதல் 7 வரை அதே வகையில் நின்றவற்றைக் கூட்டினேன்: 1,300 தடவைக்கு 31 கிளிக், ஏறக்குறைய 2.4%. அந்த வீதப்படி 500க்கு 12 வர வேண்டும், வந்தது 10. இரண்டு கிளிக் குறைந்ததற்கு யாரும் காரணம் தேடக்கூடாது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: எதிர்பார்க்கும் கிளிக்கின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் வரும் தொகை அளவுக்குக் கூடினாலும் குறைந்தாலும் சும்மா ஏற்ற இறக்கம்தான். 12க்கு அது ஏழு. ஆகவே 5 முதல் 19 வரை எது வந்தாலும் பக்கம் நலமாகத்தான் இருக்கிறது. புள்ளிவிபரம் படித்தவர்கள் இது கரடுமுரடான கணக்கு என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேவையில்லாமல் தலைப்பு மாற்றுவதில் இருந்து அது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

இதே கணக்கு உண்மையான நோயையும் காட்டித் தந்தது. "palmyra basket sri lanka" என்ற தேடலில் 900 தடவை, இடம் 2.2, கிளிக் 9. மச்சாள் அனுப்பிய படத்தில் மேலே விளம்பரமும் இல்லை, படவரிசையும் இல்லை, எங்கள் இணைப்பு இரண்டாவதாகத் தெளிவாக நின்றது. இதே மாதிரி இடத்தில் எங்களுடைய மற்றத் தேடல்கள் 8% அளவில் கொடுத்தன, அதாவது 72 கிளிக் வந்திருக்க வேண்டும். 72க்கு 9 என்பது ஏற்ற இறக்கம் இல்லை. உற்றுப் பார்த்தால், ஆங்கிலத்தில் தேடியவருக்குத் தமிழில் 'பொருட்கள்' என்ற ஒற்றைச் சொல்லும் குழுவின் பெயரும்தான் தலைப்பாகத் தெரிந்தன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அதை வாசிக்கத் தெரியாது.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்படி வந்து சேர்ந்த பிறகும் "ஒரு ஓலைப்பெட்டிக்கு இவ்வளவா" என்று எழுதுகிறார்கள். சண்டையில் தலை போன பனைகள் போக மிஞ்சியதில் சார்வோலை வெட்ட ஆள் பிடித்து, காயவைத்து, வார்ந்து, அதற்குப் பிறகுதான் ஒரு அக்கா பின்னத் தொடங்குகிறார். பார்சல் கூலியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அந்த அக்காவின் கூலியைத்தான் குறைக்கச் சொல்கிறார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னியுங்கள்.

"palmyra basket" தேடலில் தெரிந்த அந்தப் பக்கத்துக்கு ஆங்கிலப் பதிப்பு ஒன்று செய்து "Palmyra baskets woven in Mullaitivu" என்று தலைப்பு வைத்தோம். வேறு எதையும் தொடவில்லை. ஆறு கிழமைக்குப் பிறகு, இடம் அதே இரண்டில் நிற்க, வீதம் 1இல் இருந்து 6க்கு வந்தது. நீத்துப்பெட்டிப் பக்கத்துக்குப் பழைய தலைப்பையே திருப்பிப் போட்டேன். 'புட்டு அவிக்கும்' தேடல்கள் மெல்ல மெல்லத் திரும்பின, முழுவதும் இன்னும் வரவில்லை.

உங்கள் 2% எந்தத் தேடலுக்கு, எந்த நாட்டில், கைபேசியிலா கணினியிலா என்று பிரித்து எழுதுங்கள். தேடுபவர்கள் இருக்கும் ஊரில் இருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.