மைனஸ் ஆக்சிலரேஷன்னா ஸ்லோ ஆகுதுன்னு அர்த்தம் இல்ல

கேள்வி: x = t³ − 9t² + 24t, இதுல t 2-லேர்ந்து 3 வரைக்கும் ஆக்சிலரேஷன் மைனஸ்ல வருது. மைனஸ்னா துகள் ஸ்லோ ஆகுதுன்னுதானே? ஆனா ஆன்சர் கீல "வேகம் கூடுகிறது"ன்னு போட்டிருக்கு. கீ தப்பா?

கீ சரிதாங்க. ஆக்சிலரேஷன் a-வோட குறிய மட்டும் தனியா பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது, பக்கத்துல திசைவேகம் v-யோட குறியையும் வச்சுப் பாக்கணும். ரெண்டும் ஒரே குறியா இருந்தா வேகம் கூடுது, வேற வேறயா இருந்தா குறையுது, அவ்ளோதான் ரூல். நான் திருப்பாப்புலியூர்ல ட்யூஷன் எடுக்குறேன், வருஷா வருஷம் இந்த இடத்துலதான் பசங்க முட்டிக்கிறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பஸ் பிளாட்பாரத்துப் பக்கம் மூஞ்சிய வச்சு நிக்குதுன்னு வைங்க. கிளம்பணும்னா ரிவர்ஸ்லதான் வெளிய வரணும். கண்டக்டர் பின்னாடி நின்னுக்கிட்டு பாடியத் தட்டித் தட்டி "வா வா வா"ன்னு குரல் குடுப்பாரு, டிரைவர் மெதுவா ஆக்சிலரேட்டர மிதிப்பாரு. பஸ்ஸோட மூஞ்சி பாக்குற திசைய பிளஸ்னு வச்சுக்கிட்டா, v சைபர்லேர்ந்து −0.5, −1, −1.5 மீட்டர்/செகண்ட்னு போகுது. v குறைஞ்சுக்கிட்டே போகுது, அதனால a மைனஸ். ஆனா பஸ் ஸ்லோ ஆகுதா? இல்லையே, வேகமாதானே பின்னாடி வருது, தள்ளி நிக்கலன்னா கால்ல ஏத்திடும்.

இப்ப "ஹோல்டான்"னு சத்தம் வருது, டிரைவர் பிரேக் அடிக்கிறாரு. ஒரு செகண்ட்ல −1.5 சைபர் ஆயிடுதுன்னு வைங்க, a = (0 − (−1.5)) / 1 = +1.5. பிரேக் அடிக்கிற நேரத்துல ஆக்சிலரேஷன் பிளஸ்! அப்புறம் "ரைட் போலாம்", ஃபர்ஸ்ட் கியர், பஸ் முன்னாடி நகருது, இப்பவும் a பிளஸ்தான். பிரேக்குக்கும் பிளஸ், ஆக்சிலரேட்டருக்கும் பிளஸ். அதாவது a-வோட குறி எந்தப் பக்கம் தள்ளுதுன்னு மட்டும்தான் சொல்லும், அந்தத் தள்ளு வண்டி போற பக்கமா எதிர்ப்பக்கமாங்கிறத v-யக் கேட்டாதான் தெரியும்.

சரி உங்க கணக்குக்கு வரலாம், x மீட்டர், t செகண்ட்.

v = 3t² − 18t + 24 = 3(t − 2)(t − 4)
a = 6t − 18 = 6(t − 3)

v சைபர் ஆகுறது t = 2, t = 4. a சைபர் ஆகுறது t = 3. இந்த மூணையும் ஒரே கோட்டுல குறிச்சுத்தான் பிரிக்கணும். நிறைய பேரு v சைபர் ஆகுற இடத்துல மட்டும் வெட்டிட்டு 2-லேர்ந்து 4 வரைக்கும் ஒரே துண்டுன்னு விட்டுட்டு, நடுவுல t = 2.5 போட்டுப் பாத்து "கூடுது"ன்னு எழுதிட்டுப் போயிடுறாங்க, பாதி மார்க் அங்கயே காலி. கொஞ்சம் யோசிச்சா புரியும், 2-ல நின்ன துகள் 4-லயும் நிக்குது, நடுவுல நகர்ந்திருக்கு, அப்ப வேகம் ஏறிட்டு எறங்கித்தானே ஆகணும், அது எப்படி முழுசும் ஏறிக்கிட்டே இருக்கும்?

0-லேர்ந்து 2 வரைக்கும் v பிளஸ், a மைனஸ். 24-ல ஆரம்பிச்ச வேகம் t = 1-ல 9 ஆகி, t = 2-ல நின்னுடுது. அப்ப துகள் 20 மீட்டர்ல இருக்கும். 2-லேர்ந்து 3, இதுதான் நீங்க கேட்ட துண்டு, துகள் திரும்பிடுச்சு, v மைனஸ், a இன்னும் மைனஸ்தான். t = 2.5-ல v = −2.25, t = 3-ல −3. வேகம்னு பாத்தா 0, 2.25, 3, ஏறுது இல்லயா, கீ சொன்னதும் அதேதான். 3-லேர்ந்து 4 வரைக்கும் v மைனஸ்லயே இருக்கு ஆனா a பிளஸ் ஆயிடுச்சு, அதனால வேகம் 3-லேர்ந்து எறங்கி சைபர் ஆகி, துகள் 16 மீட்டர்ல வந்து நிக்குது. 4-க்கு அப்புறம் ரெண்டும் பிளஸ், மறுபடி ஏறுது, t = 5-ல 9.

கவனிச்சீங்களா, 0-லேர்ந்து 3 வரைக்கும் a முழுசும் மைனஸ்தான், ஆனா மொத ரெண்டு செகண்ட் குறையுது, மூணாவது செகண்ட்ல கூடுது. நடுவுல மாறுனது v-யோட குறி மட்டும்தான்.

"ரூல மனப்பாடம் பண்ண மாட்டேன், ஏன்னு சொல்லுங்க"ன்னு ஒரு கோஷ்டி எப்பவும் இருக்கும் (எனக்கு அவங்களத்தான் புடிக்கும்). வேகங்கிறது |v|. அது கூடுனா v² கூடும், அது குறைஞ்சா v² குறையும். v²-ஐ t-ய வச்சு டிஃபரன்ஷியேட் பண்ணுங்க:

d(v²)/dt = 2v·(dv/dt) = 2va

va பிளஸ்னா v² ஏறுது, மைனஸ்னா எறங்குது, ரூல் இதுக்குள்ளயே இருக்கு. இன்னொரு லாபமும் உண்டு. இடதுபக்கத்த பிளஸ்னு யாராவது மாத்தி எடுத்தா v, a ரெண்டுக்குமே குறி மாறும், பெருக்கல் அப்படியே இருக்கும். அதனால கூடுதா குறையுதாங்கிற பதில் நாம அச்ச எந்தப் பக்கம் வரைஞ்சோம்கிறதப் பொறுத்தது இல்ல. a-வோட குறி மட்டும் அச்சப் பொறுத்து மாறிடும், அத மட்டும் நம்புனா மாட்டிப்போம்னு சொல்றது அதனாலதான்.

கிராஃப் குடுத்துக் கேட்டா இன்னும் ஈஸி, v–t கோடு t அச்ச விட்டு விலகிப் போனா கூடுது, அச்ச நோக்கி வந்தா குறையுது, மேல இருக்கா கீழ இருக்காங்கிறது முக்கியமே இல்ல. உங்க கணக்குல 2-லேர்ந்து 3 வரைக்கும் கோடு அச்சுக்குக் கீழ எறங்கிக்கிட்டே போகும், அதாவது விலகுது. ஆனா கேள்வில இருக்கிறது x–t கிராஃபா v–t கிராஃபான்னு மொதல்ல பாருங்க, x–t-ல போய் இந்த வித்தைய காட்டாதீங்க.

இதெல்லாம் நேர்கோட்டுல போற துகளுக்கு. வளைஞ்சு போனா v, a ரெண்டும் வெக்டார், ஒத்தக் குறிய வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, va இருந்த இடத்துல புள்ளிப் பெருக்கல் v·a வரும், அதோட குறியப் பாக்கணும். ஒரே வேகத்துல வட்டமா சுத்துற துகளுக்கு a மையத்தப் பாத்து இருக்கும், v-க்குச் செங்குத்து, அதனால v·a சைபர். ஆக்சிலரேஷன் இருந்துக்கிட்டே இருக்கும், வேகம் கூடவும் கூடாது குறையவும் குறையாது.