ரோட்டோர கூலிங் கிளாஸ் கண்ணைக் காப்பாத்துமா?

கேள்வி: கொடைக்கானல் ஏரிக்கிட்ட 150 ரூபாய்க்கு பிராண்டு பேரு போட்ட கூலிங் கிளாஸ் விக்கிறாங்க, வாங்கலாமா?

அந்த விலைக்கு பிராண்டு பேரு போலிதான். ஆனா பேரை விட முக்கியம், அது யூவியத் தடுக்குமாங்கிறதுதான். யூவிங்கிறது வெயில்ல இருக்குற, கண்ணுக்குத் தெரியாத, கண்ணைக் கெடுக்குற கதிர், மலையில குளிருதேன்னு நாம கண்டுக்க மாட்டோம் ஆனா உயரம் போகப் போக அது கூடத்தான் செய்யும். யூவி தடுக்காத கறுப்பு லென்ஸ் போட்டா வெளிச்சம் கம்மின்னு கண்ணு பாப்பா விரியும், ஆளில்லாத நேரத்துல கேட்டைத் திறந்து வச்ச மாதிரி கதிர் தாராளமா உள்ள போகும்.

கையை நீட்டிப் பிடிச்சு லென்ஸ் வழியா ஒரு கரண்ட் கம்பத்தப் பாத்துக்கிட்டே மெதுவா ஆட்டுங்க, கம்பம் நெளிஞ்சா லென்ஸ் மட்டம், தலைவலிதான் மிச்சம். ஆனா நெளியலங்கிறதுக்காக யூவி தடுக்கும்னு அர்த்தமில்ல, 'யூவி 400' ஸ்டிக்கர யாரு வேணா ஒட்டலாம் (அதுவும் கோணலா!), கண்ணாடிக் கடை மீட்டர்ல வச்சாதான் தெரியும். போலரைஸ்டுன்னா போதும்னு சொல்வாங்க, அது கூச்சத்தக் குறைக்கிற வேலை, யூவி தடுக்குறது வேற.