ஊர்வலச் சைக்கிளில் கிரேப் தாள்: தொங்கும் முனை எவ்வளவு நீளம் இருக்கலாம்?

கேள்வி: "நவம்பர் 14 அன்று பள்ளியில் குழந்தைகள் தின ஊர்வலம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் தன் 20 அங்குலச் சைக்கிளில் கிரேப் பேப்பர் சுற்றி ஓட்டிப் போக ஆசைப்படுகிறாள். தம்பிக்கு நான்கு வயது. அவனைச் சக்கரம் வைத்த பலகை வண்டியில் உட்காரவைத்து இழுக்கலாம் என்று இருக்கிறோம். காகிதம் சக்கரத்தில் சிக்கிக் குழந்தை விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?"

பதில்: தாளை வெட்டுவதற்கு முன் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, அதில் எவையெல்லாம் அசைகின்றன என்று மகளையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு சக்கரங்கள், செயின், பெடல் ஆகியவற்றைக் குழந்தைகள் உடனே காட்டிவிடுவார்கள். ஹேண்டில்பாரும் அசையும் பொருள்தான் என்பதைப் பெரியவர்களே மறந்துவிடுகிறார்கள். ஹேண்டிலில் கட்டிய நாடா, நேராக ஓட்டும்போது சக்கரத்தைத் தொடாமல் இருந்தாலும், காற்றடித்தாலோ வளைவில் ஹேண்டிலைத் திருப்பினாலோ முன்சக்கரத்தின் மேல் விழக்கூடும். முன்சக்கரம் திடீரென்று நின்றால் பின்பகுதி எழும்பி, குழந்தை ஹேண்டிலுக்கு மேலாக முன்னால் விழும். பின்சக்கரம் நின்றால் பெரும்பாலும் வண்டி சறுக்குவதோடு போய்விடும். ஆகவே உங்கள் கவனத்தில் பெரும்பகுதி ஹேண்டிலிலும் முன்சக்கரத்திலும் இருக்கட்டும்.

எந்த முனை எவ்வளவு தொங்கலாம் என்பதற்கு நான் பின்பற்றும் அளவு ஒன்று உண்டு. நாடாவைக் கட்டப்போகும் இடத்திலிருந்து, ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் அதற்கு மிக அருகில் வரும் அசையும் பாகம் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அந்த நூலைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த நீளமே தொங்கும் முனைக்கு உச்ச அளவு. பாதி எதற்கு என்று கேட்கலாம். கிரேப் தாளின் மேற்பரப்பில் இருக்கும் சுருக்கங்கள் இழுத்தால் விரியும். கொஞ்சம் பலமாக இழுபட்டால் பத்து அங்குல நாடா எளிதாகப் பதினைந்து அங்குலம் ஆகிவிடும், பிறகு முழுமையாகப் பழைய நீளத்துக்குத் திரும்பாது. காலையில் வீட்டில் அளந்தபோது டயருக்கு மேலே நின்ற முனை, வழியில் நான்கு பிள்ளைகள் இழுத்துப் பார்த்த பிறகு டயரைத் தொடும் என்பதால்தான் பாதி என்கிறேன்.

இந்தத் தாளுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: அது எளிதில் கிழியும். ஒற்றை நாடா சக்கரத்தில் மாட்டினால் அது பெரும்பாலும் அறுந்து போகும், சக்கரத்தை நிறுத்தாது. இந்தப் பலவீனம்தான் குழந்தையைக் காக்கிறது. ஆனால் உறுதியாக இருக்கட்டும் என்று நாம் செய்யும் வேலைகள் அதைக் கெடுத்துவிடுகின்றன. நாடாவின் நீளவாட்டில் செல்லோ டேப் ஒட்டுவது, பல நாடாக்களைச் சேர்த்து முறுக்கிக் கயிறுபோல ஆக்குவது, நைலான் நூலால் கட்டுவது, சாட்டின் ரிப்பனையும் ஜிகினா சரத்தையும் கூடவே சுற்றுவது ஆகிய நான்கையும் அசையும் பாகத்துக்கு அருகில் செய்யவே வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்றிருந்த ஓர் ஊர்வலத்தில், ஒரு சிறுவனின் ஹேண்டிலில் தாள் நாடாக்களுக்கு நடுவே ஒரு ஜிகினா சரமும் தொங்கியதை நான் கவனிக்காமல் விட்டேன். வாசலில் திரும்பும்போது அது முன்சக்கரத்துக்கும் பிரேக் கட்டைக்கும் இடையே போய்ச் சுற்றிக்கொண்டது. நடக்கும் வேகத்தில்தான் வந்தான்; ஆனாலும் தாடையில் காயம். சரத்தைப் பிரித்தபோது கூடவே இருந்த தாள்கள் எல்லாம் அறுந்திருந்தன, அது மட்டும் ஆரக்கம்பியில் இறுகியிருந்தது. அன்றிலிருந்து கட்டுவதற்குத் தையல் பருத்தி நூலைத்தவிர வேறெதையும் நான் பயன்படுத்துவதில்லை.

சக்கரத்தில் தாள் பின்னுவதை முற்றிலும் தவிர்க்கவேண்டியதில்லை. அதுதான் ஓடும்போது பார்க்க அழகு. எப்படிப் பின்னுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடையில் மடித்து விற்கும் தாள் பெரும்பாலும் அரை மீட்டர் அகலமும் இரண்டு அல்லது இரண்டரை மீட்டர் நீளமும் இருக்கும். மடிப்பைப் பிரிக்காமலேயே ஓர் அங்குல அகலத்துக்குக் குறுக்காக வெட்டினால் நீளமான நாடாக்கள் கிடைக்கும். அவற்றை ஒன்றோடொன்று முடிந்து நீட்டாமல், ஒவ்வொன்றையும் ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ரிம்முக்கும் நடு ஹப்புக்கும் இடையே இருக்கும் ஆரக்கம்பிகளின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிம்மிலிருந்து மூன்று விரல் இடமும் ஹப்பிலிருந்து மூன்று விரல் இடமும் வெறுமையாக இருக்கட்டும். ரிம்மின் பக்கவாட்டில்தான் பிரேக் கட்டை அழுத்துகிறது. அங்கே ஒரு துண்டு தாள் ஒட்டிக்கொண்டாலும் பிரேக் வழுக்கும். ஹப்பின் பக்கமாகப் போன நாடா அச்சில் சுற்றிக்கொண்டு மற்ற நாடாக்களையும் இழுக்கும்.

ஒரு துண்டை எடுத்து ஒரு கம்பிக்கு மேலாகவும் அடுத்த கம்பிக்குக் கீழாகவும் விட்டுச் சுற்றி வாருங்கள். 20 அங்குலச் சக்கரத்தின் நடுப்பகுதியில் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் போதுமானது. தொடங்கிய இடத்துக்கு வந்ததும் இரு முனைகளையும் முடிச்சிட்டு, முடிச்சில் ஒரு துளி பசை வைத்து, மீதியை அரை அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். இப்படி நான்கு தனித்தனி வளையங்கள் ஒரு சக்கரத்துக்குப் போதும். ஒன்றின் முடிச்சு அவிழ்ந்தாலும் மற்ற மூன்றும் அப்படியே நிற்கும் என்பதே தனித்தனியாகக் கட்டுவதன் காரணம். நீளமான ஒரே நாடாவாகப் பின்னினால் ஒரு முனை அவிழ்ந்தவுடன் முழுவதுமே உருவிக்கொண்டு வரும். இன்னொரு சிறிய விஷயம்: ஆரக்கம்பிகளின் எண்ணிக்கை பொதுவாக இரட்டைப்படை. ஆகவே இரண்டாவது வளையத்தையும் அதே கம்பிக்கு மேலாகத் தொடங்கினால் எல்லா வளையங்களும் ஒரே பக்கமாகப் படிந்து, பாய்முடைந்ததுபோல வராது. அடுத்த கம்பியிலிருந்து தொடங்கினால் மேலும் கீழுமாக மாறி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நழுவாமல் நிற்கும்.

பிரேமின் குழாய்களில் இரண்டு அங்குல அகல நாடாவை மெல்ல இழுத்து, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றலாம். அங்கே தாராளமாக விளையாடிக்கொள்ளுங்கள். பெடலுக்கும் செயினுக்கும் ஒரு சாண் தூரத்தில் நிறுத்திவிடுங்கள். ஹேண்டிலிலிருந்து பிரேமுக்கோ பிரேக் கேபிளிலிருந்து பிரேமுக்கோ நாடாவைக் குறுக்கே கட்டினால் ஹேண்டில் முழுமையாகத் திரும்பாது, ஆகவே அது கூடாது. கைப்பிடியில் தாள் சுற்றவே வேண்டாம். வியர்வை பட்டதும் தாள் நழுவும், உள்ளங்கையில் சாயம் ஒட்டும், அந்தக் கை வெள்ளைச் சீருடையில் துடைக்கப்படும். பிரேக் லீவருக்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு துணுக்குத் தாளும் இருக்கக்கூடாது. குழந்தையின் கை சிறியது, அந்தத் தடிமனே லீவரை முழுதாக அழுத்தவிடாமல் செய்யப் போதும்.

வேலை முடிந்ததும் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து வேகமாகச் சுழற்றி, ஓசையை உற்றுக் கேளுங்கள். எந்த இடத்தில் 'சரக்' என்ற ஓசை ஒழுங்கான இடைவெளியில் வருகிறதோ அங்கே ஒரு முனை போர்க்கையோ பிரேக் கட்டையையோ உரசுகிறது. கையால் மெல்லச் சுற்றினால் அந்த இடம் தெரிந்துவிடும், அதை வெட்டிவிடுங்கள். பிறகு ஹேண்டிலை இருபுறமும் கடைசி வரை திருப்பிக்கொண்டே மறுபடியும் சுழற்றுங்கள். பின்சக்கரத்துக்கும் பெடலைச் சுற்றிச் சுழற்றிப் பாருங்கள். கடைசியாக மகளை வீட்டு வாசலில் ஓட்டச் சொல்லி, இரு பிரேக்கையும் பிடிக்கச் சொல்லுங்கள். வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனால் ரிம்மைத் துடைத்து, வளையங்களை உட்புறமாகத் தள்ளிக் கட்டவேண்டும். இந்தச் சோதனைகளை முதல்நாள் மாலை ஒருமுறை செய்தால் போதாது. பள்ளி வாசலிலும் ஒருமுறை செய்யுங்கள்.

நவம்பர் மத்தியில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மழையைத் தனியாகச் சொல்லவேண்டும். நனைந்த கிரேப் தாள் மேலும் நீளும், தளரும், ரிம்மில் ஒட்டும். நூலால் அளந்து வைத்த அளவுகள் எல்லாம் அத்தோடு பொய்யாகிவிடும். சாயமும் கரைந்து ஓடும். ஈரத் துணியால் தாளை ஒருமுறை தேய்த்துப் பார்த்தால் எந்த நிறம் எவ்வளவு கரைகிறது என்பது வாங்கிய அன்றே தெரியும், பெரும்பாலும் அடர்சிவப்பும் நீலமும் மோசம். தூறல் தொடங்கினால் சைக்கிளை ஓட்டவிடாமல் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பையில் ஒரு சிறு கத்தரிக்கோல் இருந்தால் ஓரிரு நிமிடத்தில் சக்கர வளையங்களை வெட்டி எடுத்துவிடலாம். பிரேமில் சுற்றியது மட்டும் நனைந்தால் ஆபத்தில்லை.

தம்பியின் வண்டியை மகளின் சைக்கிளில் கட்டவே கூடாது. ஒரு பெரியவர்தான் இழுக்கவேண்டும். கயிறு கட்டி இழுத்தால் சரிவில் வண்டி இழுப்பவரின் குதிகாலில் வந்து மோதும், ஆகவே மூங்கில் கழியைப் பலகையில் உறுதியாகப் பொருத்திக் கைப்பிடியாக்குங்கள். பின்னாலும் ஒருவர் நடக்கட்டும். பலகையைச் சுற்றிப் பாவாடைபோலத் தாள் தொங்கவிடுவதானால் ஒரே துண்டாக வேண்டாம், இரண்டு விரல் அகல இழைகளாகக் கத்தரித்துவிடுங்கள். பலகை விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய மூங்கில் பட்டையை ஒரு சாண் வெளியே நீட்டி அதில் தொங்கவிட்டால், கீழே திரும்பும் சக்கரம் தாளைத் தொடாது. நான்கு வயதுக் குழந்தை நிற்கக்கூடாது; உட்கார்ந்து பிடித்துக்கொள்ள ஒரு பிடி இருக்கவேண்டும்.

கிரேப் தாள் நெருப்புப் பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். ஊர்வலத்தில் விளக்கு, கற்பூரம், மீந்துபோன தீபாவளி மத்தாப்பு எதுவும் வண்டியின் பக்கத்தில் வருமா என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருமானால் தம்பியின் வண்டியில் தாளை விட்டுவிட்டுத் துணியும் பூவும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறுவேடம் போட்டால் மகளுக்குப் புடவை, வேட்டி, துப்பட்டா வேண்டாம். தொங்கும் நாடாவுக்குச் சொன்ன அளவு ஆடையின் முனைக்கும் பொருந்தும். செயின் கவர் இல்லாத சைக்கிளில் கணுக்கால் பக்கம் தளர்வான பேண்டைக்கூட ஒரு ரப்பர் வளையத்தால் பிடித்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் அன்றே தாளை வெட்டி எடுத்துவிடுங்கள். இரவு ஈரத்தில் சாயம் பெயிண்டில் இறங்கும். எடுக்கும்போது வளையங்களை எண்ணுங்கள். ஒரு சக்கரத்தில் நான்கு கட்டியிருந்து மூன்றே கிடைத்தால், நான்காவது பெரும்பாலும் அச்சிலோ பின்சக்கரத்தின் பல்சக்கரத்திலோ சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த நாள் அவள் பள்ளிக்கு ஓட்டிப் போவதற்கு முன் அதை எடுத்தாகவேண்டும்.