58 வயதுக்கு முன்பே வாங்கும் பென்ஷனில் வெட்டு எவ்வளவு?

கேள்வி: மணலியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் 11 ஆண்டு 2 மாதம் வேலை செய்தேன். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. வயது 54. இப்போதே பி.எஃப். பென்ஷன் வாங்கினால் வெட்டு உண்டு என்கிறார்கள். 58 ஆனதும் முழுத் தொகை வருமா? இப்போது வாங்கலாமா, காத்திருக்கலாமா? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: 58 வயதானாலும் வெட்டு நீங்காது. 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, குறைந்தது பத்து ஆண்டு பணிக்காலம் உள்ளவர் வேலையை விட்ட பின், 50 வயது முதல் முன்கூட்டிய ஓய்வூதியம் பெறலாம். ஆனால் 58க்குக் குறைவாக இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு விழுக்காடு வீதம் தொகை குறைக்கப்படும். அந்தக் குறைந்த தொகையே உங்கள் ஆயுள் முழுவதற்கும் நிலைக்கும். உங்களுக்குப் பின் மனைவிக்குக் கிடைக்கும் பாதித் தொகையும் அதை வைத்தே கணக்கிடப்படும் என்பதை இதைக் கேட்டு வருபவர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் முழுத் தொகையைக் கணக்கிடுவோம். கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த மிச்சம் விடுபடுவதால் உங்கள் பணிக்காலம் 11 ஆண்டு. ஊதியம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பொதுவாக மாதம் 15,000 ரூபாய் வரையே ஓய்வூதியத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். உங்களுக்கும் அப்படித்தான் என்பதைப் பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளலாம்: ஓய்வூதியப் பங்களிப்புக் கட்டத்தில் மாதந்தோறும் 1,250 ரூபாய் இருந்தால், 15,000க்கான 8.33 விழுக்காடு செலுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். நீங்கள் 2014 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்தவர் என்று கொண்டால், 15,000 பெருக்கல் 11 வகுத்தல் 70 என்பது ஏறத்தாழ 2,357 ரூபாய். நான்கு ஆண்டு முன்கூட்டி வாங்குவதால் 16 விழுக்காடு, அதாவது 377 ரூபாய் குறைந்து, கைக்கு 1,980 ரூபாய் வரும்.

இந்த 377 ரூபாயைப் பார்த்து அச்சப்படுவதற்கு முன் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். இப்போதே வாங்கினால் 58 வயதுக்குள் 48 மாதத்தில் 95,040 ரூபாய் வாங்கியிருப்பீர்கள். காத்திருந்தவர் மாதம் 377 ரூபாய் கூடுதலாக வாங்கி அந்தத் தொகையை எட்டிப்பிடிக்க 252 மாதம், அதாவது 21 ஆண்டு ஆகும். அப்போது வயது 79. இந்த ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது, காத்திருக்கும் காலத்துக்கு வட்டியும் சேராது என்பதால், வேறு வருமானமே இல்லாதவருக்கு முன்கூட்டி வாங்குவது அவ்வளவு நட்டமில்லை என்பதே என் கருத்து. (வட்டிக்குக் கடன் வாங்கிக் குடும்பம் நடத்திக்கொண்டே முழு ஓய்வூதியத்துக்காகக் காத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.)

ஆனால் மணலியிலோ எண்ணூரிலோ, பி.எஃப். பிடிக்கும் இன்னொரு நிறுவனத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் என் பதில் மாறும். முன்கூட்டிய ஓய்வூதியம் தொடங்கிவிட்டால் புதிய பணிக்காலம் இந்தக் கணக்கில் சேராது. அதற்குப் பதிலாகப் படிவம் 10சி கொடுத்துத் திட்டச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், பழைய 11 ஆண்டும் புதிய பணிக்காலமும் ஒன்றாகக் கணக்கிடப்படும். இன்னும் நான்கு ஆண்டு வேலை செய்தால் 15 ஆண்டுக்கு மாதம் 3,214 ரூபாய் வரும். 1,980க்கும் இதற்கும் உள்ள இடைவெளி பெரிது. அதற்கிடையில் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தாலும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு; சான்றிதழ் வைத்திருப்பதால் அந்த உரிமை போய்விடாது.

இப்போதே வாங்குவதென்று முடிவெடுத்தால் படிவம் 10டி கொடுக்க வேண்டும். அதில் குறைக்கப்பட்ட ஓய்வூதியம் எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்பு இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது, பழைய நிறுவனம் உங்கள் வேலை விட்ட தேதியை இணையதளத்தில் பதிந்திருக்கிறதா என்பது. பதியாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். இரண்டாவது, பிறந்த தேதி. ஆதாரில் ஒன்றும் பி.எஃப். பதிவில் வேறொன்றுமாக இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். அதில் ஓர் ஆண்டு பிசகினாலும் வெட்டு நான்கு விழுக்காடு மாறும், அந்த மாற்றமும் உங்கள் ஆயுள் முழுவதும் தொடரும். ஓய்வூதிய ஆணை கைக்கு வந்ததும் அதில் குறிக்கப்பட்டுள்ள பணிக்காலத்தையும் தொடங்கும் தேதியையும் மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டு, மாறுபட்டால் ஆணை வழங்கிய வட்டார அலுவலகத்திலேயே எழுத்துமூலம் மனு கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.