போட்டோவில் வழுக்காத தரை

கேள்வி: மாமியாருக்கு 70 தாண்டீருச்சுங்க. பாத்ரூம் அஞ்சுக்கு ஏழு அடி. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் மூணு தரை டைல்ஸ் படம் அனுப்பினார். உங்களுக்கும் அனுப்பீருக்கேன். எது வழுக்காதுன்னு பார்த்துச் சொல்லுங்க.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மணி.

முதல் படம் வெள்ளை மார்பிள் டிசைன், 2-க்கு 2 டைல்ஸ். மேலே எரிகிற டியூப்லைட் தரையில் கத்தியால் கீறினாற்போல ஓரம் தெரிய விழுந்திருக்கிறது. வெளிச்சத்தின் ஓரம் எவ்வளவு தெளிவாக விழுகிறதோ, மேற்பரப்பு அவ்வளவு மழமழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் சோப்புத் தண்ணீர் நின்றால் நீங்களே வழுக்குவீர்கள், மாமியாரை விடுங்கள். இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாத்ரூம் தரைக்கு நாலு பக்கமிருந்தும் தண்ணீர் போகிற ஜாலியைப் பார்த்து வாட்டம் கொடுக்க வேண்டும். 2 அடி டைல்ஸ் வளையாது. வெட்டி ஒட்டத் தெரியாத மேஸ்திரி கையில் கிடைத்தால் அங்கங்கே தண்ணீர் தேங்கும்.

மூன்றாவது படத்தைத்தான் நீங்கள் எடுக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. 1-க்கு 1, சந்தன நிறம், மேலெல்லாம் குமிழ் குமிழாகப் புடைப்பு. புடைப்பு இருந்தால் பிடிக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஒரு குமிழை மட்டும் விரலால் விரித்துப் பாருங்கள். அதன் தலையில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு மின்னுகிறது. எல்லாக் குமிழிலும் அதே பொட்டு. அதாவது புடைப்பின் மேலும் பளபளப்பு கிளேஸ்தான். பாதம் படுவது அந்தத் தலையில்தானே? பிடிப்பைத் தருவது கண்ணுக்குத் தெரிகிற மேடு பள்ளம் மட்டுமல்ல, விரலுக்கு மட்டும் தட்டுப்படுகிற நுண்ணிய சொரசொரப்பும்தான். போதாக்குறைக்கு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின் எண்ணெயும் சீயக்காயும் குமிழ்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் தேய்த்து எடுக்க உங்களுக்குத்தான் கை வலிக்கும்.

இரண்டாவது, சாம்பல் நிறக் கல் டிசைன், 1-க்கு 1. வெளிச்சம் தரையில் ஓரமில்லாமல் பரவி மங்கியிருக்கிறது. நல்ல அறிகுறி. ஆனால் அது போட்டோவே இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்த படம். டைல்ஸுக்கு நடுவே இணைப்புக் கோடு கிடையாது, கோப்பைக்கு நிழல் கிடையாது, உங்கள் பாத்ரூம் மாதிரி மூன்று அதில் அடங்கும். வரைந்தவர் மங்கலாகத் தெரியட்டும் என்று நினைத்தால் மங்கலாகத் தெரியும்.

ஆகவே முதலாவதைத் தள்ளுங்கள், மூன்றாவதைச் சந்தேகப்படுங்கள், இரண்டாவதற்கு நிஜப் படம் கேளுங்கள். டைல்ஸை ஜன்னலோரம் தரையில் வைத்து, பாதிக்குத் தண்ணீர் தெளித்து, போனைத் தரையோடு தரையாக வைத்து ஜன்னலைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். மேலே நின்று நேர் கீழாக எடுத்த படத்தில் எல்லா டைல்ஸும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சாய்ந்து வருகிற வெளிச்சத்தில்தான் காய்ந்த பாதி சொரசொரப்பா, மழமழப்பா என்பது தெரியும். கூடவே பெட்டியின் லேபிளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே ஈரோட்டு வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

படம் இவ்வளவுதான் சொல்லும். கடைசியில் ஒரு டைல்ஸைக் காசு கொடுத்தாவது வீட்டுக்கு வாங்கி வாருங்கள். கீழே நகராமல் இருக்க ஈரச் சாக்கு விரித்து அதன்மேல் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறும் குதிகாலால் முன்னே தள்ளிப் பாருங்கள். பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு இன்னொரு தடவை. இப்போது இருக்கிற பாத்ரூம் தரையிலும் அதே மாதிரி செய்து ஒப்பிடுங்கள். நின்றுகொண்டு பரீட்சை பார்க்க வேண்டாம்.

கேள்வி: படத்தில் ஒரே கல்லாட்டம் இருந்த தரை, போட்டு முடிச்சதும் கட்டம் கட்டமாத் தெரியுது. மேஸ்திரி தப்பா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மேஸ்திரியை விடுங்கள், பாவம். படத்தில் கோட்டை அழித்துவிட்டார்கள், தரையில் அழிக்க முடியாது. 5-க்கு 7 அடித் தரையில் 2 அடி டைல்ஸ் போட்டால் உள்ளே ஓடும் கிரவுட் கோட்டின் மொத்த நீளம் 29 அடி. 1 அடி டைல்ஸ் என்றால் 58 அடி. நாலு அங்குலச் சதுரம் என்றால் 198 அடி. சின்ன டைல்ஸில் கோடு அதிகம், அதனால் காலுக்குப் பிடிப்பும் அதிகம். பிடிப்பு வேண்டும் என்றால் கோட்டோடு சமாதானமாகப் போக வேண்டும்.

உறுத்தாமல் இருக்க வழி கிரவுட் நிறத்தில் இருக்கிறது. வாங்கும் முன்பே நாலு டைல்ஸை 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து அடுக்கி, நடுவில் கிரவுட் வண்ண அட்டையை நுழைத்துப் படம் எடுங்கள். போனிலேயே அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கோடு டைல்ஸோடு கரைந்தால் தரையிலும் கண்ணில் அடிக்காது, பளிச்சென்று நின்றால் அங்கேயும் நிற்கும்.

வெள்ளை மட்டும் வேண்டாம். என் வீட்டுக்கு நான் பிடிவாதமாகப் போட்ட வெள்ளைக் கிரவுட் இன்றைக்கு டீ நிறம். அடர்கறுப்பும் வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு தப்பித்துக்கொள்ளும், போர்த் தண்ணீர் வீட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். நடுத்தரச் சாம்பல், இல்லையென்றால் டைல்ஸைவிட ஒரு படி அடர்த்தி. கை தாங்கினால் எபாக்ஸி கிரவுட் போடுங்கள், சிமென்ட் கிரவுட் மாதிரி அது அழுக்கை உறிஞ்சாது.

கேள்வி: சுவத்துக்கு வாங்கின கிளாஸி டைல்ஸ் ரெண்டு பெட்டி மிச்சம். குளிக்கிற இடத்துத் தரைக்குப் போட்டுக்கலாமுங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கூடாது.

கேள்வி: பெட்டியிலேயே 'ஆன்டி ஸ்கிட்'னு அச்சடிச்சிருக்கு. அப்புறம் எதுக்குப் போட்டோவை ஆராயணும்?
– வாசகர், ஈரோடு

பதில்: இந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது ஐயா. எந்த அளவுக்கு வழுக்காது, எந்த முறையில் சோதித்தார்கள் என்று சொல்லாமல் 'ஆன்டி ஸ்கிட்' என்று அச்சடிப்பது, விலை போடாமல் 'மலிவு' என்று பலகை வைப்பது மாதிரி. எண் கேளுங்கள். R9, R10, R11 என்று R13 வரை போகிற ஒரு அளவு உண்டு. ஜெர்மனியில் வந்த சோதனை முறை அது. டைல்ஸ் பதித்த பலகையில் எண்ணெய் ஊற்றி, ஒருவரை ஷூ போட்டு நடக்கவிட்டு, பலகையைச் சிறிது சிறிதாகச் சாய்ப்பார்கள். அவர் எத்தனை டிகிரி சாய்வு வரைக்கும் தாக்குப்பிடிக்கிறார் என்பதுதான் கணக்கு. 6 டிகிரியைத் தாண்டினாலே R9 கிடைத்துவிடும். 10-லிருந்து 19 வரை R10, அதற்கு மேல் 27 வரை R11. வரிசையில் ஆகக் கீழே இருக்கிற R9-ஐக் காட்டி, "பாருங்க, ரேட்டிங் இருக்குது" என்று நெஞ்சை நிமிர்த்துகிற விற்பனையாளர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி பெஞ்சும் வகுப்பில்தான் இருக்கிறது!

அதைவிடப் பெரிய கோளாறு, நாம் ஷூ போட்டுக் குளிப்பதில்லை. வெறுங்காலுக்கு என்றே தனிச் சோதனை இருக்கிறது. சோப்புக் கரைசல் ஓடுகிற பலகையில் வெறுங்காலோடு நடப்பார்கள். 12 டிகிரி தாங்கினால் A, 18 என்றால் B, 24 என்றால் C. ஷவருக்குக் கீழே B-க்குக் குறையாமல் வாங்குங்கள். அந்த எழுத்து கிடைக்காத கடையில் R10-க்குக் கீழே இறங்காதீர்கள். அதுவும் லேபிளிலோ தயாரிப்பாளரின் விவரத் தாளிலோ அச்சில் இருக்க வேண்டும். கடைக்காரர் வாய்ச்சொல் செல்லாது. ஒரே டிசைன் கிளாஸியிலும் வரும், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷிலும் வரும், படமும் ஒன்றேபோல் இருக்கும். பெட்டியில் எந்த ஃபினிஷ் போட்டிருக்கிறது என்பதைப் படிக்காமல் பில் போடச் சொல்லாதீர்கள்.

கேள்வி: 40 பெட்டி போனிலேயே ஆர்டர் போட்டேன். ஒட்டி முடிச்ச பிறகுதான் பார்த்தேன், ஒரே நரம்பு டிசைன் நாலடிக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப வருது. ரெண்டு சுவத்துக்கு நிறமும் வேற வேற. காசு திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், கரூர்

பதில்: ஒட்டுவதற்கு முன் பெட்டியைப் பிரித்துப் பார்க்க 40 தடவை வாய்ப்பு இருந்தது தம்பி. நரம்பு டிசைன் அச்சில் வருவது, அதில் குறிப்பிட்ட எண்ணிக்கை முகங்கள்தான் இருக்கும். "எத்தனை ஃபேஸ்?" என்று கேட்டு, எல்லா முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் வாங்கியிருக்க வேண்டும். ஷோரூம் படத்தில் அழகான ஒரு முகத்தை மட்டும் காட்டுவார்கள். நிறம் வேறாக இருப்பது பேட்ச் எண் மாறியதால். அது ஒவ்வொரு பெட்டியிலும் அச்சாகியிருக்கும். ஒட்டிய பிறகு, தெரிகிற குறைக்குச் சண்டை போடுவது கஷ்டம். மீதிப் பெட்டிகளின் பேட்ச் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: மேட் டைல்ஸ்னு படம் அனுப்பி, ஷோரூமில் ஒரு துண்டும் மேட்டாகவே காட்டினாங்க. வந்து இறங்கினது எல்லாம் பளபளன்னு இருக்குது. இன்னும் ஒட்டலை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ன்னு பில்லைக் காட்டி விரட்டறாங்க. அப்பா அந்தப் பாத்ரூமில்தான் குளிக்கணும்.
– வாசகி, தாராபுரம்

பதில்: நீங்கள் ஒட்டாமல் வைத்திருக்கிறீர்களே, அதுதான் உங்கள் பலம் தாயி. பில்லில் அச்சடித்த அந்த வரி, வேறு பொருளைத் தலையில் கட்டுவதற்கு லைசென்ஸ் அல்ல. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 15, 17 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும், மாதிரி காட்டி விற்றால் மாதிரிக்குப் பொருந்த வேண்டும், இரண்டும் காட்டினால் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். உங்களுக்கு இரண்டும் காட்டியிருக்கிறார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அந்த மாதிரித் துண்டு கையில் இருந்தால் அதையும் வந்த டைல்ஸையும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துச் சாய்வாகப் படம் எடுங்கள். துண்டு இல்லையென்றால் அவர்கள் அனுப்பிய படத்தோடு வைத்துக் காட்டுங்கள். பெட்டி லேபிளில் ஃபினிஷ் என்ன போட்டிருக்கிறது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். மாற்றித் தரச் சொல்லி எழுத்தில், தேதியோடு, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆணையத்தின் பெயரைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பல கடைக்காரர்களுக்கு அந்த ஒரு வரியிலேயே குரல் இறங்கும்.

கேள்வி: தரை வழுக்குதுன்னு ஆசிட் ஊத்தித் தேய்க்கச் சொல்றாங்க. சொரசொரப்பாயிருமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஆகாது. பாத்ரூம் ஆசிட் சிமென்ட் கிரவுட்டைத் தின்னும், கிளேஸை ஒன்றும் அசைக்காது. உப்புக்கறை போகும், வழுக்கல் போகாது. ரப்பர் மேட் விரியுங்கள், சுவரில் பிடி ஒன்று போல்ட் போட்டு மாட்டுங்கள்.