பிரெஞ்சுக் கம்பெனிக் கணக்கை ஆங்கிலமாக்குவது: கேள்வி பதில்

கேள்வி: பஸ்ஸிஃப் என்றால் லயபிலிட்டீஸ்தானே சார்? அப்படிப் போட்டதற்கு ஆடிட்டர் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பாதி சரி. ஐந்தொகையின் அந்தப் பக்கத்தில் முதலில் வருவது பங்கு மூலதனமும் ரிசர்வும் இந்த வருட லாபமும். கடன்கள் கீழேதான் வரும். கடைசித் தொகைக்கு 'டோட்டல் லயபிலிட்டீஸ்' என்று எழுதினால், சொத்து முழுவதும் கடனில் நிற்பதாக ஆங்கில வாசகர் படிப்பார். அங்கே 'டோட்டல் ஈக்விட்டி அண்ட் லயபிலிட்டீஸ்' என்று போடுங்கள்.

கேள்வி: லாப நட்டக் கணக்கில் புரொதுக்ஸியோன் ஸ்தொக்கே என்று 1,00,000 யூரோ வருமானப் பக்கத்தில் நிற்கிறது. விற்காத சரக்கு எப்படி வருமானம் ஆகும்? அச்சுப்பிழையா?

பிழை இல்லை. மேஜை செய்யும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். விற்பனை 9,00,000. மரம், சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து வருடச் செலவு 9,20,000. இப்படியே விட்டால் 20,000 நட்டம். ஆனால் அந்தச் செலவில் 1,00,000 கிடங்கில் இருக்கும் மேஜைகளுக்குப் போனது. பிரெஞ்சுக் கணக்கில் செலவை வகைவாரியாக முழுதாகக் காட்டுவார்கள், விற்ற பொருளின் அடக்கவிலையை மட்டும் பிரித்துக் காட்டமாட்டார்கள். அதனால் அந்த ஒரு லட்சத்தை எதிர்ப்பக்கத்தில் சேர்த்துச் சரிக்கட்டுகிறார்கள், லாபம் 80,000 ஆகிறது.

ஆங்கிலத்தில் இதை 'சேஞ்ச் இன் இன்வென்ட்டரீஸ் ஆஃப் ஃபினிஷ்டு குட்ஸ் அண்ட் வொர்க் இன் ப்ராக்ரஸ்' என்று எழுதுங்கள். ரெவின்யூ என்ற சொல் இந்த வரியில் வரவே கூடாது, விற்பனை பத்து லட்சம் என்று ஆகிவிடும். அடுத்த வருடம் அந்த மேஜைகள் விற்றுப்போனால் இதே வரி மைனஸில் வரும்.

இன்னொன்று, இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வாங்கிய மரத்தின் இருப்பு மாற்றம் செலவுப் பக்கத்தில் வரும். அங்கே பிளஸ் என்றால் இருப்பு குறைந்திருக்கிறது. ஐந்தொகையில் இரு வருட இருப்பையும் மொத்த மதிப்பில் பார்த்துக் குறியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கியூபெக் கம்பெனிகளுக்குச் செய்கிறேன். இந்த வரி எனக்கு வந்ததே இல்லையே?

அவர்கள் கனடாவின் கணக்கு விதிகளைப் பின்பற்றுகிறார்கள். நான் சொன்னது பிரான்சின் பிளான் கோந்தாப்ல் வடிவம். மொழி ஒன்றானாலும் அறிக்கை வேறு.

கேள்வி: ரெசுல்தா எக்ஸெப்ஸியோனெல் என்பதை எக்ஸ்ட்ராஆர்டினரி என்று போடலாமா?

வேண்டாம். ஐ.எஃப்.ஆர்.எஸ். விதிகளில் அந்தத் தலைப்புக்கே இடமில்லை. எக்ஸெப்ஷனல் போதும். ஆனால் 2025இல் தொடங்கும் கணக்காண்டிலிருந்து பிரான்சில் இதன் வரையறை குறுகிவிட்டது. பெரிய, வழக்கத்துக்கு மாறான நிகழ்வோடு நேரடியாகச் சேர்ந்தவைதான் முக்கியமாக இதில் வரும். ஆகவே 2024, 2025 எண்களை அருகருகே வைத்தால் ஒப்பீடு ஏமாற்றும். நான் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு போடுகிறேன். அது கம்பெனியின் வேலை என்று போடாமல் விடுகிறவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.