அலமாரியின் உட்புறம்: கம்பியின் உயரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிய துணி அலமாரி ஒன்றைச் செய்யக் கொடுத்திருக்கிறேன். உள்ளளவு 120 செ.மீ. அகலம், 210 செ.மீ. உயரம், 56 செ.மீ. ஆழம், தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் நிற்கும், கீல் கதவுகள் இரண்டு. மேலும் கீழுமாக இரண்டு கம்பிகள் வைத்தால் இடம் இரட்டிப்பாகும் என்கிறார் தச்சர். என் உயரம் 156 செ.மீ. அன்றாடம் சட்டையும் கால்சட்டையும்தான் அணிகிறேன். நீண்ட அங்கிகள் மூன்று உண்டு. உட்புறத்தை எப்படிப் பிரிக்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தச்சர் சொல்வது கணக்கில் சரி, உங்கள் கைக்குச் சரிவராது. ஹேங்கரில் மாட்டிய சட்டை கம்பியிலிருந்து கீழ்விளிம்பு வரை ஏறக்குறைய 90 செ.மீ. தொங்கும். கீழ்க்கம்பியை 95 செ.மீ. உயரத்தில் பொருத்தினால், மேலே தொங்கும் சட்டைகள் அதில் உரசாமலிருக்க மேல்கம்பி 195 செ.மீ. உயரத்துக்குப் போக வேண்டும். அடிப்பீடத்தையும் சேர்த்தால் தரையிலிருந்து 203 செ.மீ. ஹேங்கரைக் கழற்ற அதன் கொக்கியைச் சற்று மேலே தூக்கவும் வேண்டுமே! நாள்தோறும் எட்டி எட்டி எடுக்க வேண்டிய கம்பியில் சில வாரங்களுக்குப் பின் எவரும் எதையும் மாட்டுவதில்லை. துணிகள் நாற்காலிக்கு வந்துவிடும்.

ஆகவே ஒரே கம்பி போதும். அலமாரியை நடுப்பலகையால் இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் 59 செ.மீ. கிடைக்கும். காலையில் தேவைப்படுவன எல்லாம் இடக்கதவு ஒன்றைத் திறந்தாலே கிடைக்க வேண்டும் என்பதே இந்தப் பிரிவின் நோக்கம். இடப்பக்கத்தில், உள் அடிப்பலகையிலிருந்து 160 செ.மீ. உயரத்தில் கம்பியைப் பொருத்துங்கள். அது தரையிலிருந்து 168 செ.மீ.; உங்கள் தலைக்குச் சற்றே மேலே, கையை முழுவதும் நீட்டாமல் எட்டும் உயரம். கம்பிக்கு மேல் 6 செ.மீ. விட்டுத் தட்டு வரட்டும். அதைவிட நெருக்கினால் கொக்கியைத் தூக்க இடமிராது. கம்பி ஆழத்தின் நடுவில், பின்பலகையிலிருந்து 28 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஹேங்கரே 42 முதல் 45 செ.மீ. அகலம் என்பதால், கம்பி முன்னே நகர்ந்தால் சட்டைக் கை கதவில் சிக்கும், பின்னே நகர்ந்தால் பலகையில் மடங்கும். துணியை எடுக்கும்போது ஒரு கை மட்டும் கசங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சட்டைகளுக்குக் கீழே மிஞ்சும் இடத்தில், 38 செ.மீ. அகலத்தில் மூன்று இழுப்பறைகளை நடுப்பலகையை ஒட்டி அமைக்கலாம். மேலிருந்து 14, 18, 24 செ.மீ. உயரம் வைத்தால், மேல்பலகையோடு சேர்த்து 58 செ.மீ. ஆகும், சட்டைகளின் விளிம்புக்கும் அதற்கும் இடையே 12 செ.மீ. இருக்கும். அன்றாட உள்ளாடைகளும் காலுறைகளும் மேல் இழுப்பறைக்கு. அது ஆழமாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தேட நேரும்.

கீல் இருக்கும் பக்கம் மீதியுள்ள 20 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும். அங்கேதான் மூன்று அங்கிகளும் அதே கம்பியில் தொங்கும், 140 செ.மீ. நீளம் என்றாலும் அடிப்பலகைக்கு மேல் 20 செ.மீ. இடைவெளி இருக்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இழுப்பறையைக் கீல் பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தால், கதவு நேர்கோணத்துக்குத் திறந்தும் அதன் தடிமன் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க, இழுப்பறை அதில் முட்டும். இதைத் தச்சர்கள்கூட மறந்துவிடுவதுண்டு, பொருத்திய பிறகுதான் தெரியவரும்.

வலப்பக்கம் தட்டுகள். தரையிலிருந்து 70 முதல் 145 செ.மீ. வரையுள்ள பகுதியில் இடைவெளி 28 செ.மீ. போதும்: மடித்த பனியன்கள் 20 செ.மீ. அடுக்காகவும், கையை நுழைக்க மேலே கொஞ்சமும். அதைவிட உயர்த்தினால் அடுக்கு உயரும், அடியிலிருப்பதை உருவும்போது சரியும். தட்டின் ஆழம் 56 வேண்டாம். பின்பலகையை ஒட்டி 40 செ.மீ. போதும். முழு ஆழத்துக்கு வைத்தால் பின்னால் இரண்டாம் வரிசை உருவாகும், அதில் இருப்பது மறந்துபோகும். முன்னால் வெறுமையாக விட்டால் கீழ்த்தட்டுக்கும் வெளிச்சம் விழும். உச்சித்தட்டில் பருவத்துக்கொருமுறை எடுக்கும் இலேசான பொருள்கள் மட்டும்.

துளையிடும் முன் இப்போதைய சுவரிலோ கதவிலோ தரையிலிருந்து 168 செ.மீ. உயரத்தில் ஓர் ஆணி அடித்து, உங்கள் மிக நீளமான சட்டையையும் அங்கியையும் மாட்டி, எடுத்துப் பாருங்கள். தோள் வலியெடுக்காமல் கழற்ற முடிகிறதா, விளிம்பு எங்கே முடிகிறது என்று அளந்து, தேவையானால் கம்பியை இரண்டு மூன்று செ.மீ. இறக்கச் சொல்லுங்கள். வலப்பக்கத் தட்டுகளுக்கு 32 மி.மீ. இடைவெளியில் துளைவரிசை போட்டு, ஊசி செருகித் தாங்கும்படி கேளுங்கள். கம்பியை மட்டும் நிலையாகப் பொருத்தினால் போதும்.